மூடிய புகாரும் மூடாத பள்ளமும்

அன்புள்ள ரகு,

பதில் போட இவ்வளவு நாளானதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். மணி அண்ணன் இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். நீ எப்படியும் கேட்பாய், அதனால் சொல்லிவிட்டேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் தெருமுனைப் பள்ளம். போன முறை வந்தபோது உன் செருப்பை விழுங்கியதே, அதுதான். சரியாகிவிட்டதடா! மழைக்காலம் முழுக்கப் போயும் அடைத்த இடம் அப்படியே நிற்கிறது. உன் தெரு விளக்குக்குப் புகார் கொடுத்து, 'தீர்வு காணப்பட்டது' என்று செய்தி வந்ததும் வெறுத்து விட்டுவிட்டதாக எழுதியிருந்தாயே, அதனால்தான் இதை விவரமாகச் சொல்கிறேன்.

நகராட்சிக்குப் புகார் போகும், ஆள் வருவார், தார்க்கலவையைக் கொட்டித் தட்டிவிட்டுப் போவார், புகார் மூடப்படும். கொஞ்ச நாளில் அதே இடம் மறுபடி வாயைப் பிளக்கும். ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தெருவே பேசியது. அப்புறம் ஒருநாள் காலையில் பால் வாங்கப் போகும்போது பார்த்தேன். மழை பெய்து பல நாளாகியிருந்தது, ஆனால் பள்ளத்தில் தெளிந்த தண்ணீர் நின்றது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஓரத்திலிருந்து மெல்லக் குமிழி விட்டது. குழாயில் தண்ணீர் நின்ற பிறகு போய்ப் பார்த்தால் பள்ளத்தில் மட்டம் இறங்கியிருந்தது. கீழே குழாய் கசிகிறது. கசிவு அடிமண்ணை அரித்துக் கொண்டுபோய்விடுகிறது. பிடிமானம் இல்லாத இடத்தில் மேலே எவ்வளவு தார் போட்டாலும் வண்டிச் சக்கரம் ஏறினால் உள்வாங்கத்தான் செய்யும்.

நாங்கள் கொடுத்த புகார் எல்லாமே சாலைப் பிரிவுக்குப் போனவை. அவர்கள் கணக்கில் பள்ளத்தை அடைத்தாயிற்று, வேலை முடிந்தது. குடிநீர்ப் பிரிவுக்கோ அப்படி ஒரு கசிவு இருப்பதே தெரியாது, ஏனென்றால் அவர்களுக்கு யாருமே புகார் கொடுக்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை ரகு, ஆனால் வேலையும் நடக்கவில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. எத்தனை பேர் அதில் விழுந்து எழுந்தார்கள்!

அதனால் புதுப் புகாரைக் குடிநீர்ப் பிரிவுக்கு, 'சாலைக்கு அடியில் குழாய்க் கசிவு' என்ற தலைப்பில் கொடுத்தேன். தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு படம், நின்ற பிறகு ஒரு படம், பக்கத்து வீட்டுக் கதவு எண்ணும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒரு படம். கிட்டத்தில் எடுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மூடப்பட்ட பழைய புகார்களின் எண்களையும் அதே மனுவில் எழுதினேன். அந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் உதவிப் பொறியாளர் நேரில் வந்தார்.

தோண்டினார்கள். இணைப்பு வளையம் தேய்ந்து போயிருந்தது, மாற்றினார்கள். ஆனால் ஆபத்தான கட்டம் அதற்குப் பிறகுதான். குழாய் சரியானதும் குடிநீர்ப் பிரிவின் வேலை முடிந்துவிடும். தோண்டிய ஈர மண்ணையே மொத்தமாகத் தள்ளி மூடிவிட்டுப் போனால், அது படிப்படியாக அமுங்கிப் பழையபடி பள்ளமாகும். தோண்டிய இடத்தை யார் சீர்செய்வது என்று அன்றைக்கே கேட்டேன். சாலைப் பிரிவு என்றார்கள். உடனே அவர்களுக்குத் தனி மனு எழுதி, குழாய்ப் புகாரின் எண்ணையும் குறிப்பிட்டேன். இந்த முறை முறையாகச் செய்தார்கள். ஈர மண்ணை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, சரளையை ஒரு சாண் உயரம் கொட்டி இயந்திரத்தால் இடித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு. கடைசியில் பள்ளத்தின் ஓரங்களை நேராக வெட்டி, தார் பூசி, சூடான கலவை போட்டு உருளை ஓட்டினார்கள். ஓரத்தில் தார் பூசாவிட்டால் அந்த இடுக்கு வழியாகவே தண்ணீர் மறுபடி இறங்கும். இப்போது நீளமான ஒரு கம்பை அதன் குறுக்கே வைத்துப் பார்த்தால் அடியில் விரல் நுழையவில்லை.

சரி, உன் விளக்குக்கு வருகிறேன். ஒரே விளக்கு எரியவில்லையா, வரிசையாகவே எரியவில்லையா? நீ அதை எழுதவே இல்லை, வழக்கம்போல! ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் விளக்கிலோ அந்தக் கம்பத்தின் இணைப்பிலோ கோளாறு. வரிசையாக என்றால் மின்சாரமே வந்து சேரவில்லை. கேபிளையோ சுவிட்ச் பெட்டியையோ பார்க்க வேண்டும். ஒற்றை விளக்கு என்று புகார் போனால் பல்பை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுவார்கள். இன்று இருட்டியதும் நடந்துபோய், எரியாத முதல் கம்பத்தின் எண்ணையும் கடைசிக் கம்பத்தின் எண்ணையும் குறித்துக்கொள். மூடிய புகாரின் எண்ணோடு சேர்த்து எனக்கு அனுப்பு. மனுவை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்து மட்டும் நீ போடு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்