பல் மட்டும்தான் வாயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தில் 'இரண்டு வேளை ஒழுங்காகப் பல் துலக்குகிறவர்களுக்கு வாய் நாற்றம் வராது' என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதைப் படித்த நேரத்திலிருந்து மனசு ஆறவில்லை. நான் இருபது வருடமாக வகுப்பில் நின்று பாடம் எடுக்கிறவள். ஒரு நாளும் இரண்டு வேளைக்குக் குறைவாகப் பல் துலக்கியதில்லை. அப்படியும் நோட்டுத் திருத்தக் குனிந்தால் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான்கு வருடம் இதை அனுபவித்தேன். உங்கள் வரியின்படி நான் பல் துலக்காதவள் என்றுதானே ஆகிறது?

பல் மருத்துவரிடம் போனேன். சொத்தையும் இல்லை, ஈறு நோயும் இல்லை என்றார். இரண்டு முறை பற்களைச் சுத்தம் செய்தும் நாற்றம் போகவில்லை. அப்புறம் வயிறுதான் காரணம் என்று யாரோ சொல்ல, இரண்டு மாதம் அல்சர் மாத்திரை சாப்பிட்டேன். அதைச் சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் கேள்வி பதில் பகுதியிலும் முன்பு ஒரு வாசகருக்கு அதே பதில்தான் வந்திருந்தது. வயிற்றுக்குப் போகும் உணவுக்குழாய் சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும் என்பதும், பெரும்பாலும் நாற்றம் வாய்க்குள்ளேயே பிறக்கிறது என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல.

ஒருநாள் மாலை இருமியபோது, அரிசி நொய் அளவில் வெள்ளையும் மஞ்சளுமாக ஏதோ ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. சோற்றுப் பருக்கை என்று நினைத்து விரலால் நசுக்கினேன். அழுகிய முட்டை நாற்றம். நான்கு வருடமாக என் வாயில் இருந்த அதே நாற்றம்! கண்ணாடி முன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வலது பக்க டான்சிலில் இன்னொரு வெள்ளைப் புள்ளி. காது மூக்கு தொண்டை மருத்துவர் நாக்கைத் தட்டையான கட்டையால் அழுத்திக்கொண்டு டான்சிலின் ஓரத்தை மெல்ல அமுக்கினார். மேலும் இரண்டு வெளியே வந்தன. டான்சில் கல் என்றார்.

டான்சிலின் மேல்பரப்பு வழவழப்பாக இருப்பதில்லை. சின்னச் சின்னக் குழிகள் உண்டு. உதிர்ந்த செல்கள், சளி, உணவுத் துணுக்கு எல்லாம் அதில் தங்க, மேலே சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுகிறது. காற்றுப் படாத அந்த இடத்தில் வளரும் கிருமிகள் கந்தக வாயுவை விடுகின்றன. எந்த பிரஷ் அங்கே எட்டும்? தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி உறுத்தலும், அவ்வப்போது கெட்ட ருசியும் எனக்கு இருந்தன. அவைதான் அறிகுறி என்று யாரும் சொல்லவில்லை.

கல்லை எடுத்த பிறகும் காலையில் கொஞ்சம் நாற்றம் மிச்சம் இருந்தது. அது நாக்கு. நான் தினமும் நாக்கு வழிக்கிறவள்தான். ஆனால் முன்பாதியோடு நிறுத்திவிடுவேன். மாவு மாதிரி படிவது பின்பக்கத்தில். குமட்டலுக்குப் பயந்து அங்கே போகாமலே இருந்திருக்கிறேன். போதாததற்கு மூக்கடைப்பு. வாயால்தான் மூச்சு. அதற்குச் சாப்பிட்ட அலர்ஜி மாத்திரையும் எச்சிலை வற்ற வைக்கும் ரகம். கழுவிவிட எச்சில் இல்லாத வாயில் எல்லாம் தங்கத்தானே செய்யும்? நாற்றத்துக்காக நான் கொப்பளித்த மவுத்வாஷில் ஆல்கஹால் இருந்தது. அது வாயை இன்னும் காய வைத்தது. அதையும் உங்கள் பக்கத்தில் படித்துத்தான் வாங்கினேன்.

இப்போது சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்பு நீரில் தொண்டை வரை கொப்பளிக்கிறேன். நாக்கின் பின்பகுதியை மெதுவாக வழிக்கிறேன். மருத்துவர் மாத்திரையை மாற்றினார். வகுப்புக்கு நடுவே தண்ணீர் குடிக்கிறேன். கல் இன்னும் எப்போதாவது வரும். டான்சிலையே எடுக்கும் அளவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். ஊக்கு, ஊசி என்று எதையாவது விட்டுக் குத்தி எடுக்கவே கூடாது, ரத்தம் கொட்டிவிடும் என்று எச்சரித்தார். ஒரு பக்க டான்சில் மட்டும் வீங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

ஐயா, சக ஆசிரியை ஒருவர் ஜன்னலைத் திறந்துவிட்டு என்னிடம் பேசுவார். அதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. அந்த அம்மாவும் உங்கள் இதழைப் படிக்கிறவர்தான். அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், 'நன்றாகப் பல் துலக்கியும் நாற்றம் போகாதவர்கள் டான்சிலையும் நாக்கின் பின்பகுதியையும் பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி போடுங்கள். என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
பல வருட வாசகி