வினாவங்கி தயாரிக்கும் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் கொள்குறி வினாக்களை மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்றும் பணியில் இருப்பவர்கள் எழுதுகிறோம். தெரிவுகளின் முன்னால் இடும் (அ), (ஆ), (இ), (ஈ) என்ற அடையாளங்களைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். மாணவர் சரியான விடையைத் தொட்டும் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் அந்த ஓர் எழுத்தில் நேரும் பிழையால்தான்.

மூடிலில் மிக எளிமையான கோப்பு வடிவம் Aiken. வினா ஒரே வரியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தெரிவும் தனி வரியில், ஆங்கிலப் பெரிய எழுத்தும் புள்ளியும் ஓர் இடைவெளியுமாகத் தொடங்க வேண்டும். புள்ளிக்குப் பதில் வலப்பக்க அடைப்புக்குறியும் இடலாம். கடைசித் தெரிவுக்கு அடுத்த வரியிலேயே விடை வர வேண்டும்.

உங்களிடமிருந்து பெரும்பாலும் இப்படி வருகிறது:

```
7. ஒளிச்சேர்க்கையின்போது வெளியேறும் வாயு எது?
(அ) நைட்ரஜன்   (ஆ) ஆக்சிஜன்
(இ) ஹைட்ரஜன்   (ஈ) மீத்தேன்
```

விடைக்குறிப்பு வேறொரு தாளில் "7 - ஆ" என்று இருக்கும். ஏற்ற வேண்டிய வடிவமோ இது:

```
ஒளிச்சேர்க்கையின்போது வெளியேறும் வாயு எது?
A. நைட்ரஜன்
B. ஆக்சிஜன்
C. ஹைட்ரஜன்
D. மீத்தேன்
ANSWER: B
```

(அ) என்று தொடங்கும் வரியை மூடில் தெரிவாகவே எடுத்துக்கொள்ளாது. (A) என்றாலும் அப்படித்தான், ஏனென்றால் வரியின் முதல் குறி எழுத்தாக இல்லாமல் அடைப்புக்குறியாக இருக்கிறது. இத்தகைய பிழையை ஏற்றும்போதே மூடில் சுட்டிக்காட்டிவிடும். அதனால் அது பெரிய கவலை இல்லை.

கவலை தருவது, சுட்டிக்காட்டாத பிழை. விடைக்குறிப்பைத் தட்டச்சு செய்பவர் "இ" என்பதை ஒலியை வைத்து E என்று எண்ணிவிடலாம். மூன்றாம் எழுத்தாகிய அது C ஆக வேண்டும். நான்கு தெரிவுகள் உள்ள வினாவில் E வந்தால் தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் B வர வேண்டிய இடத்தில் D வந்தால் கோப்பு ஒழுங்காகவே ஏறும். ஒரு வினாவை நீக்கிவிட்டுப் பழைய விடைக்குறிப்பையே அனுப்பினாலும் இதே கதிதான்: 12ஆம் வினாவை எடுத்துவிட்டால் 13 முதல் எல்லா விடைகளும் ஒரு படி தள்ளிப் போகும்.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: விடைக்குறிப்பில் எழுத்தோடு விடையையும் எழுதுங்கள். "7 - ஆ - ஆக்சிஜன்" என்று இருந்தால், எழுத்தும் சொல்லும் பொருந்தாத இடம் உடனே தெரிந்துவிடும். 50 வினாக்களுக்கு இது சில நிமிட வேலைதான்.

இரண்டாவது, ஒரு வரிக்கு ஒரு தெரிவு. அப்படி வந்தால் அடையாளங்களை Notepad++ இல் நான்கே முறை மாற்றி முடித்துவிடலாம். Regular expression தெரிவை இட்டு இதைத் தேடுகிறோம்:

```
^[ \t]*\(அ\)[ \t]*
```

அந்த இடத்தில் A, புள்ளி, ஓர் இடைவெளி. பிறகு ஆ, இ, ஈ. தொடக்கத்தில் உள்ள ^ குறிதான் முக்கியம். அது வரியின் முதலில் உள்ளதை மட்டும் பிடிக்கும். அதை விட்டுவிட்டு மாற்றினால் "கூற்று (அ), காரணம் (ஆ)" என்று வினாவுக்குள் இருப்பவையும் சேர்ந்து மாறிவிடும்.

மூன்றாவது, தெரிவுக்குள் வேறு தெரிவின் எழுத்தைச் சுட்டாதீர்கள். கோப்பில் உள்ள A, B என்பவற்றை மூடில் கழற்றிவிட்டுத் தன் எழுத்துகளை இடுகிறது. தெரிவுகளைக் கலைத்தும் காட்டும். அப்போது "(அ), (இ) இரண்டும் சரி" என்ற தெரிவு வேறு எதையோ குறிக்கும். "நைட்ரஜனும் ஹைட்ரஜனும்" என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். "மேற்கண்ட அனைத்தும்" என்பதும் கலைந்தால் முதல் இடத்தில் வந்து நிற்கும். அதைத் தவிர்க்க முடியாத வினாவில் கலைப்பை நிறுத்த வேண்டும் என்று குறித்து அனுப்புங்கள்.

பெயரின் முன்னெழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. "C. V. ராமன் பிறந்த ஊர் எது?" என்று வினா தொடங்கினால் அந்த வரியே தெரிவாகிவிடும். "சர் சி.வி. ராமன்" என்று எழுதினால் போதும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை எங்களிடம் விட்டுவிடாதீர்கள். எழுத்துரு மாற்றும் மென்பொருள் முழுக்கோப்பையும் ஒரே எழுத்துருவாகக் கருதினால், இடையில் இருக்கும் உண்மையான ஆங்கில எழுத்துகளும் தமிழாகிவிடும். அவற்றில் எது A, எது C என்று மூலத்தை வைத்திருக்கும் உங்களால்தான் சரிபார்க்க முடியும். சேமிக்கும்போது UTF-8 என்று தேர்ந்தெடுங்கள். ANSI என்றால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும்.

ஒரு வினாவுக்கு இரண்டு விடைகள் சரியென்றால் Aiken ஏற்காது. அவற்றைத் தனியாக அனுப்புங்கள். GIFT வடிவில் ஏற்றுகிறோம்.

ஏற்றுமுன் கீழ்க்கண்டதைத் தேடி எண்ணிக்கை பார்ப்போம்:

```
^ANSWER: [A-D]$
```

50 வினாக்களுக்கு 50 வராவிட்டால் கோப்பைத் தொடாமல், எந்த வினாவில் இடறுகிறது என்று குறித்து உங்களுக்கே திருப்பி அனுப்புவோம். விடையை ஊகித்து நிரப்ப மாட்டோம்.

இப்படிக்கு,
வினா ஏற்றும் குழுவினர்