அமுங்கிப்போன ரொட்டி

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய இரண்டு போட்டோவையும் பார்த்தேன். உங்கம்மாவும் பார்த்தாள், கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தாள். மூன்று வாரமாக உன் குரலைக் கேட்கவில்லை, ரொட்டி போட்டோ மட்டும்தான் வருகிறது. சரி, போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன். அபர்டீனில் இப்போது சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று டிவியில் சொன்னார்கள், ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

ரொட்டி மெஷினில் நீ போட்ட முதல் ரொட்டி செங்கல் மாதிரி, இரண்டாவது நடுவில் குழி. இரண்டும் ஒரே தப்பு என்று நீ நினைத்திருக்கிறாய், அது சரியில்லை கண்ணு. முதலாவதில் ஈஸ்ட் வேலையே செய்யவில்லை. இரண்டாவதில் அளவுக்கு மீறி வேலை செய்திருக்கிறது. வெட்டின பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது, முதலாவது ஓட்டையே இல்லாமல் களி போல இறுகிக் கிடக்கிறது, இரண்டாவதில் மேல்தோலுக்குக் கீழே பெரிய பெரிய பொந்து.

முதலாவதை எடுத்துக்கொள். கெட்டில் தண்ணீர் பாதி, குழாய்த் தண்ணீர் பாதி கலந்து அதில் ஈஸ்டைக் கரைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி, உங்கள் குழாய்த் தண்ணீர் குளிர்காலத்தில் 10 டிகிரி என்று வை, பாதிப்பாதி கலந்தால் 55 டிகிரி வருகிறது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். கைக்கு இதமாகத்தான் இருந்தது என்றாய். அடுப்படியில் பழகின கை கொஞ்சம் சூட்டை இதம் என்றுதான் சொல்லும், அதை நம்பாதே, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார், சூடும் தெரியக்கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. மூன்று பங்கு குழாய்த் தண்ணீருக்கு ஒரு பங்கு கெட்டில் தண்ணீர், அவ்வளவு போதும். நம்ம கடையில் சித்திரை மாதம் ஐஸ் போட்ட தண்ணீரில் பிசைவோம், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த ஐஸை எடுத்துத் தின்பாய். அங்கே அதற்கு நேர் எதிர் ஊர்.

போதாததற்கு அந்த ஈஸ்ட் பழைய டப்பா, குருணை குருணையாக இருந்தது என்கிறாய். அது வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறி எழும்ப நேரம் கேட்கிற வகை. நீயோ மெஷினில் சீக்கிரம் முடிகிற ரேபிட் புரோகிராமில் போட்டிருக்கிறாய். ரேபிடில் மாவு எழும்புவதற்கென்று மெஷின் கொடுக்கிற நேரமே கொஞ்சம். அதில் பொடியாக இருக்கிற இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போட்டாலே ரொட்டி கொஞ்சம் கட்டியாகத்தான் வரும். அவசரமாக ஏன் போட்டாய்? ராத்திரி பசித்ததா? வேலை முடிந்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாய்? சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அந்த டப்பாவைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் சோதித்துப் பார். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிஷத்தில் நுரை ஏறி நிற்க வேண்டும். கலங்கல் தண்ணீராகவே கிடந்தால் கொட்டிவிடு.

இரண்டாவது ரொட்டிக்கு வருகிறேன். முதலாவது எழும்பவில்லை என்ற பயத்தில் புது பாக்கெட்டை முழுசாகக் கொட்டியிருக்கிறாய். அது 7 கிராம். 400 கிராம் மாவுக்கு மெஷினில் 3 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், போதும். உப்பும் போடவில்லை. உப்பு ருசிக்கு மட்டும் இல்லை கண்ணு, ஈஸ்டை இழுத்துப் பிடிக்கிற கடிவாளமும் அதுதான். தண்ணீரையும் கூட்டிவிட்டாய். எல்லாம் சேர்ந்து மாவு முக்கால் மணியில் எழும்ப வேண்டியது அரை மணியில் எழும்பிவிடும். கடையில் என்றால் நான் பார்த்துவிட்டு ஓவனில் தள்ளிவிடுவேன். மெஷினுக்குக் கண் இல்லை, கடிகாரம்தான். அதன் நேரம் வரும் வரை சூட்டைக் கூட்டாது. அதற்குள் மாவு தன் உச்சத்தைத் தாண்டி, தாங்க முடியாமல் உள்ளே விழுந்துவிடும், அப்புறம் விழுந்த இடத்திலேயே வெந்துவிடும்.

மாவும் ஒரு காரணம். நீ போட்ட பிளெயின் மாவு நம்ம ஊர் மைதா மாதிரி, கேக்குக்குச் சரி. காற்றைப் பிடித்து நிற்கிற சவ்வு அதில் குறைவு. பாக்கெட்டின் பின்னால் புரோட்டீன் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், 100 கிராமுக்கு 12 கிராமுக்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்கு, அங்கே ஸ்ட்ராங் பிரெட் மாவு என்று விற்பார்கள். சப்பாத்தி மாவு இருக்கிறதே அதைப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். முழுக்கப் போடாதே, தவிடு அந்தச் சவ்வைக் கிழித்துவிடும். கால் பங்கு வேண்டுமானால் கலந்துகொள். முழுக் கோதுமைதான் வேண்டும் என்றால் அதற்கென்று இருக்கிற நீளமான புரோகிராமில் போடு.

அப்புறம் நீ கேட்ட சின்ன ரொட்டி அளவு. 300 கிராம் மாவு, 195 மில்லி தண்ணீர், உப்பு தலைதட்டி ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் முக்கால் டீஸ்பூன். பேசிக் புரோகிராம். ரேபிட் வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், ரேபிட் வேண்டாம்.

போன வருஷம் வரைக்கும் பெரிய அளவுதான் கேட்பாய். ஓரம் அவருக்குப் பிடிக்காது, அதை நான் சாப்பிடுகிறேன் என்று எழுதுவாய். இப்போது ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறாய். உங்கம்மா அதை மறுபடி மறுபடி வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். 2019 தையில் நீ போன் பண்ணினாய், ஞாபகம் இருக்கும். பெரியத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள். நீ அழுதாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா, பொறுத்துப் போ, பன் வெந்துகொண்டிருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்றேன். அன்றைக்கு ஓவனில் பன்னே இல்லை கண்ணு. நாலு மணி ஈடு முடிந்து ஓவன் ஆறிக் கிடந்தது. எனக்குப் பயமாக இருந்தது, நீ அடுத்து என்ன சொல்வாயோ என்று. அப்புறம் நானும் கூப்பிடவில்லை, நீயும் அதைப் பற்றி எடுக்கவில்லை. முப்பது வருஷம் மாவு எப்போது எழும்பும் எப்போது விழும் என்று தொட்டுப் பார்த்தே சொன்னவன் நான், என் பிள்ளை கூப்பிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதை உங்கம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

சரி. மெஷின் பாத்திரத்தில் முதலில் மாவு பிசைகிற கத்தியைப் பொருத்து, அது நன்றாக உட்கார்ந்ததா பார், உட்காரவில்லை என்றால் அடியில் மாவு அப்படியே காய்ந்து கிடக்கும். உன் மெஷினில் தண்ணீர் முதலிலா மாவு முதலிலா என்று புத்தகத்தில் பார்த்துக்கொள், எதுவானாலும் ஈஸ்டும் உப்பும் ஒரே மூலையில் வேண்டாம். பிசைய ஆரம்பித்து எட்டு நிமிஷம் ஆனதும் மூடியைத் திற, பயப்படாதே, அப்போது திறந்தால் ஒன்றும் ஆகாது. மாவு ஒரே உருண்டையாகச் சுற்ற வேண்டும், விரல் வைத்தால் லேசாக ஒட்டிவிட்டு வர வேண்டும். சுவரில் அப்பினால் ஒரு டேபிள்ஸ்பூன் மாவு, வறண்டு பிளந்தால் ஒரு டீஸ்பூன் தண்ணீர். அதற்கு மேல் ஒரே தடவையில் சேர்க்காதே.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் நேரம் பத்து மணிக்குப் போடு. இங்கே மதியம் மூன்றரை. எட்டாவது நிமிஷம் வீடியோவில் கூப்பிட்டு உருண்டையைக் காட்டு, நான் பார்த்துச் சொல்கிறேன். ரொட்டி வெந்து முடிய மூன்று நாலு மணி நேரம் ஆகும். அது வரைக்கும் போனை வைக்காமல் இருக்கிறேன். உனக்குப் பேசத் தோன்றினால் பேசு. கடையை உன் தம்பி பார்த்துக்கொள்வான்.

அப்பா