பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, சார்ஜர்கள் கருகிவிட்டன: உங்கள் ஸ்பைக் கார்டு குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கொளத்தூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: நான்கு சாக்கெட் ஸ்பைக் கார்டு, ‘வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலிருந்து முழுப் பாதுகாப்பு’ என்று டப்பாவில் தவறாக அச்சிட்டது, அதனால் நேர்ந்த இழப்பு.

ஐயா / அம்மா,

வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து பத்திரிகை, நோட்டீஸ், புத்தகம் டைப் செய்து பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். லேப்டாப் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். எங்கள் குடியிருப்பில் மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால்தான் ரிச்சி தெருவுக்கு நேரில் போய், டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து, 1,150 ரூபாய் கொடுத்து உங்கள் ஸ்பைக் கார்டை வாங்கினேன். பக்கத்திலேயே 400 ரூபாய்க்கு வேறொன்று இருந்தது. அதை விட்டு உங்களுடையதை எடுத்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். சமையலறையில் இருந்தேன். தலைக்கு மேல் ஃபேன் திடீரென்று வேகம் எடுத்தது. ரெகுலேட்டரை யாரும் தொடவில்லை. எல்இடி விளக்கு கண் கூசும் அளவுக்கு வெளுத்தது. பிரிட்ஜின் ஸ்டெபிலைசர் ‘டக்’ என்று கட் ஆகி, சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றது. மழை இல்லை, இடி இல்லை. என்ன என்று யோசிப்பதற்குள் ஹாலில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று. அழுகிய மீனை நெருப்பில் போட்டதுபோல் ஒரு நாற்றம். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். ஃபேன் வேகம் எடுத்ததிலிருந்து அதுவரை நான்கு நிமிடம் போயிருக்கும்.

உங்கள் ஸ்பைக் கார்டில் செருகியிருந்த லேப்டாப் சார்ஜர், என் மகனின் போன் சார்ஜர், ரவுட்டரின் அடாப்டர் மூன்றும் போயிற்று. லேப்டாப் சார்ஜரின் ஓடு பிளந்து, உள்ளே இருந்த கெப்பாசிட்டரின் தலை உப்பித் திறந்திருந்தது. அதே வீட்டில், அதே நேரத்தில், ஸ்டெபிலைசர் வழியாகப் போன பிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் சேவை மையத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. “மேடம், உங்க வீட்டுல எர்த் சரியில்லை. அதனால வாரண்டி வராது” என்றார். வீட்டைப் பார்க்காமலே சொன்னார். அதனால்தான் எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி கண்டுபிடித்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் பொறியாளர் யாராவது இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்புக்கு வருவது மூன்று பேஸ் மின்சாரம். வீடுகளை மூன்று பேஸுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நியூட்ரல் எல்லாருக்கும் பொது. கீழே எங்கள் சொந்த மெயின் போர்டில் அந்த நியூட்ரல் கம்பியைப் பிடித்திருந்த ஸ்க்ரூ நாளாக நாளாக லூசாகி, சூடேறி, கம்பி முனையில் மாட்டியிருந்த லக் கருகி விட்டுப்போயிருந்தது. தம்பி அதைக் காட்டினார். கையால் தொட்டதும் கரித்தூளாக உதிர்ந்தது. இது எங்கள் கட்டடத்தின் பராமரிப்புக் குறைதான், அதற்காக உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு வீட்டின் 230 வோல்ட் 230-ஆகவே இருக்காது. ஒரு பேஸில் இருக்கும் எங்கள் வீடும், இன்னொரு பேஸில் இருக்கும் கீழ் வீடும், இரண்டு பேஸுக்கும் இடையிலான 400 வோல்ட்டை வரிசையாக நின்று பங்குபோட்டுக்கொள்ளும். அன்று மூன்றாவது பேஸில் இருந்தவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். கீழ் வீட்டில் கீசர் ஓடியது, சுமார் 2,000 வாட். எங்கள் வீட்டில் எல்லாம் சேர்த்து 500 வாட்தான். குறைவாகக் கரண்ட் எடுக்கும் வீட்டுக்குத்தான் வோல்டேஜ் கூடுதலாக விழும் என்று தம்பி தாளில் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்குப்படி எங்களுக்கு ஏறக்குறைய 320 வோல்ட், அவர்களுக்கு 80 வோல்ட். கீழ் வீட்டு அக்காவும் அன்று மாடியேறி வந்து, “எங்க வீட்டுல லைட்டெல்லாம் மங்கிப்போச்சு, கீசர் சுடவே இல்ல” என்றுதான் சொன்னார். ஒரு வீட்டில் விளக்கு வெளுப்பதும் பக்கத்து வீட்டில் மங்குவதும் ஒரே நேரத்தில் நடந்தால் அது நியூட்ரல் போன அடையாளம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் சார்ஜரின் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறது. கீழே 110 வரை இறங்கினால்கூட அது சமாளித்துக்கொள்ளும். லோ வோல்டேஜுக்காக அதற்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை. கொல்வது மேலே ஏறுவதுதான். 320 வோல்ட் ஏசியின் உச்சம் 452 வோல்ட்டைத் தொடும். சார்ஜருக்குள் முதலில் நிற்கும் பெரிய கெப்பாசிட்டரின் மேல் 400 வோல்ட் என்றுதான் எழுதியிருந்தது. உப்பி வெடிக்காமல் என்ன செய்யும்?

இனி உங்கள் ஸ்பைக் கார்டுக்கு வருகிறேன். தம்பி அதைத் திறந்தார். உள்ளே மூன்று எம்ஓவி வில்லைகள் இருந்தன. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்று, பேஸுக்கும் எர்த்துக்கும் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. அவற்றின் மேல் 431 என்ற எண் இருந்தது. 430 வோல்ட் வந்ததும் அது கரண்ட்டைக் கடத்தத் தொடங்கும், தொடர்ந்து தாங்கக்கூடியது 275 வோல்ட் ஏசி வரைதான் என்று அதற்கு அர்த்தமாம். இடி இடிக்கும்போது கம்பியில் வரும் மின்வீச்சு மைக்ரோ நொடிக் கணக்கில் வந்து போய்விடும். அதை விழுங்கத்தான் அந்த வில்லை. நிமிடக் கணக்கில் நிற்கும் 320 வோல்ட்டில் ஒவ்வொரு அலையின் உச்சியிலும் அது கடத்தி, சூடேறி, செத்துப்போகும். விழுங்கக்கூடிய அளவு 525 ஜூல் என்று உங்கள் டப்பாவில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். வில்லைகளில் 20 வாட் சூடு இறங்கினால்கூட அந்த 525 ஜூல் அரை நிமிடத்துக்கு வராது. எங்கள் வீட்டில் போனது நான்கு நிமிடம்.

எர்த் என்ற உங்கள் பதிலுக்கும் விடை அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மூன்று வில்லைகளில் கருகிப் பிளந்தது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருந்த ஒன்று மட்டும்தான். எர்த்தோடு சேர்ந்த இரண்டும் அப்படியே இருந்தன. எர்த்தே தொடாத வில்லை கருகியதற்கு எர்த் எப்படிக் காரணமாகும்? நியூட்ரலைச் சரிசெய்தபின் தம்பி மீட்டர் வைத்தும் பார்த்தார். பேஸ்-நியூட்ரல் 231 வோல்ட், பேஸ்-எர்த் 230, நியூட்ரல்-எர்த் ஒன்றரை வோல்ட். படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இன்னொன்று. வில்லை செத்தபிறகும், ஸ்பைக் கார்டைச் செருகினால், ‘பாதுகாப்பில் உள்ளது’ என்று எழுதிய இடத்தில் பச்சை விளக்கு ஜோராக எரிகிறது. தம்பி அதன் வயர் எங்கே போகிறது என்று பார்த்தார். அது வெறும் கரண்ட் வருகிறதா என்று காட்டும் விளக்கு. வில்லையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. சூடேறினால் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸும் வில்லைக்குத் தனியாகக் கிடையாது. உள்பக்கப் பிளாஸ்டிக் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உருகியிருக்கிறது. அதை மெத்தைக்கு அருகில் வைத்திருந்தோம். தூங்கும் நேரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. இதே பெட்டி இன்னும் எத்தனையோ வீடுகளில் பச்சை விளக்கோடு இருக்கிறது.

பிரிட்ஜ் தப்பியது எப்படி என்றும் கேட்டேன். அந்த ஸ்டெபிலைசர் 290 வோல்ட்டைத் தாண்டினால் ரிலே போட்டு லைனையே துண்டித்துவிடுகிறது. நின்று நிலைக்கும் ஹை வோல்டேஜுக்குத் துண்டிப்பதுதான் மருந்து, விழுங்குவது அல்ல. இப்போது மெயின் சுவிட்சுக்கு அடுத்து ஒரு ஓவர்-அண்டர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் வைத்து, 260-ல் கட் ஆகும்படி வைத்திருக்கிறோம். இடி மின்வீச்சுக்கு அந்தச் சாதனம் போதாது, அதற்கு நல்ல ஸ்பைக் கார்டு வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் பொருளே வீண் என்று நான் சொல்லவில்லை. அது செய்யாத வேலையைச் செய்யும் என்று விற்றதைத்தான் சொல்கிறேன்.

நான் கேட்பது இவை. ஸ்பைக் கார்டு 1,150 ரூபாய், லேப்டாப் சார்ஜர் 2,400, போன் சார்ஜர் 1,299, ரவுட்டர் அடாப்டர் 350, மொத்தம் 5,199 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் பில் இணைத்திருக்கிறேன். சார்ஜர் இல்லாமல் மூன்று நாள் போன வேலைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. அதைவிட முக்கியமாக, டப்பாவிலிருந்து ‘வோல்டேஜ் ஏற்ற இறக்கம்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, தொடர்ந்து 275 வோல்ட்டுக்கு மேல் போனால் இது காக்காது என்று தமிழிலும் அச்சிடுங்கள். வில்லைக்குத் தெர்மல் ஃபியூஸ் வையுங்கள். வில்லை செத்தால் பச்சை விளக்கு அணையும்படி வயரிங்கை மாற்றுங்கள். ஏற்கெனவே விற்றவற்றை வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.

கருகிய பெட்டியையும் சார்ஜர்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம், தம்பியையும் வரச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் வந்து பார்த்து எழுத்தில் ஒப்புகை தரும்வரை எதையும் கூரியரில் அனுப்ப மாட்டேன். 15 நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறான விளம்பரம் என்று சென்னையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கொளத்தூர், சென்னை.

இணைப்பு: பில் நகல்கள், திறந்த ஸ்பைக் கார்டின் படங்கள், மீட்டர் அளவுகளின் படங்கள், டப்பாவின் நான்கு பக்கப் படங்கள்.