முற்றப் படத்தில் மரங்களின் அளவும் இடைவெளியும் தவறாகக் காட்டப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
தருமபுரி.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்,
தோட்ட வடிவமைப்பு மென்பொருள் நிறுவனம்,
ஓசூர்.

ஐயா,

வணக்கம். வெற்று முற்றத்தைப் படம் எடுத்து, அதன் மேல் மரம், புதர்ச்செடி, பூப்பாத்தி ஆகியவற்றை வைத்து, நடுவதற்கு முன்பே தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தாங்கள் விற்கும் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தாவாக 3,600 ரூபாய் செலுத்தியவன் நான். கடந்த ஏழு வாரங்களில் பதினொரு முறை தொலைபேசியில் பேசிவிட்டேன், ஒருமுறை நேரிலும் வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதியவர் ஒருவரிடம் முதலிலிருந்து கதை சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்ட நிலையில் இதை எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

என் வீட்டின் முன்புறம் 40 அடி அகலமும் 30 அடி ஆழமும் உள்ள வெறும் மண் தரை. எதிரே 5 அடி உயரச் சுற்றுச்சுவர், வலது பக்கம் வாயிற்கதவும் கார் வரும் வழியும். தாழ்வாரத்தில் நின்று, கைபேசியைத் தரையிலிருந்து சரியாக 5 அடி உயரத்தில் பிடித்துப் படம் எடுத்தேன். தங்கள் மென்பொருள், உயரம் தெரிந்த ஒரு பொருளின் மேல் அளவுக்கோடு வரையச் சொன்னது. சுவரின் மேல் கோடு வரைந்து 5 அடி என்று குறித்தேன். பிறகு ஐந்தாண்டு வளர்ச்சி என்ற தெரிவில் 20 அடி உயரமும் 15 அடி குடையும் உள்ள புங்க மரம் நான்கை எடுத்து, தாழ்வாரத்துக்கும் சுவருக்கும் நட்டநடுவில் வரிசையாக வைத்தேன். ஒன்றன் குடை மற்றொன்றின் மேல் ஏறக்குறையப் பாதியளவு படர, அழகாக நின்றன. நடவுத்தாளை அச்சிட்டபோது குழிக்குக் குழி 8 அடி என்று வந்தது. இதுவரை நான் செய்ததில் ஒரு பிழையும் இல்லை என்பது, மென்பொருளை உருவாக்கிய தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முதல் குழிக்கான இடம் படத்திலும் தரையிலும் கிடந்த ஒரு பழைய ஆட்டுக்கல்லை ஒட்டியது என்பதால் அதில் குழப்பம் வரவில்லை. அங்கிருந்து தாளில் உள்ளபடி எட்டெட்டு அடியாகக் கயிறு பிடித்துத் தோட்டக்காரர் குழி எடுத்துக்கொண்டே போனார். மூன்றாவது குழி கார் வழியின் ஓரத்தைத் தொட்டது. நான்காவது நடுவழியில் விழுந்தது. அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, “சார், மரம் இங்க வந்தா காரு எங்க போகும்?” என்று கேட்டார். நான்தான், அச்சிட்ட தாள் பொய் சொல்லாது என்று நம்பி, இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள் என்றேன். ஒன்றரை அடி ஆழத்தில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய் உடைந்து, தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. இரண்டு நாள் வீட்டில் தண்ணீர் இல்லை. கோடைக்காலத் தருமபுரியில் இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் இருப்பது என்னவென்று குளிரூட்டிய அறையில் இருப்பவர்களுக்குப் புரியாது.

இங்கே உங்கள் ஓசூர் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக என்னால் முடியவில்லை. “நேரில் வந்தால் உடனே தீர்த்துவிடுவோம்” என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி, காலை ஐந்தரை மணிப் பேருந்தில் கிருஷ்ணகிரி வழியாக 90 கிலோமீட்டருக்குக் குறையாத பயணம் செய்து வந்தேன். பதினொன்றரை வரை வாசல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பிறகு ஓர் இளைஞர் வந்து, இது விற்பனைப் பிரிவு மட்டுமே, புகாரைத் தொலைபேசியில்தான் சொல்ல வேண்டும் என்றார். தொலைபேசியில் நேரில் வா என்கிறார்கள், நேரில் வந்தால் தொலைபேசியில் சொல் என்கிறார்கள். நான் என்ன பந்தா?

மறுநாள் தொலைபேசியில் பேசிய பெண் ஊழியரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவர் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. “உங்களுக்குப் படம் பார்க்கத் தெரியலைன்னா நாங்க என்ன சார் பண்ண முடியும்?” என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். ஐயா, அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் படம் பார்க்கவும் வரையவும் கற்றுக்கொடுத்தவன் நான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அன்று இரவு படத்தைத் தாளில் அச்சிட்டு, அடிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது இதுதான்.

சமதரையில் எடுத்த படத்தில், கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில் கண்மட்டக் கோடு அமையும். தரையில் எங்கே நிற்கும் பொருளாக இருந்தாலும், கேமராவின் உயரத்துக்குச் சமமானதாக இருந்தால் அதன் தலை அந்தக் கோட்டைத் தொடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்போம். என் கேமராவும் 5 அடி, சுவரும் 5 அடி. ஆகவே சுவரின் மேல்விளிம்புதான் என் படத்தின் கண்மட்டக் கோடு. எந்த மரத்தையும் அந்தக் கோடு அதன் அடியிலிருந்து 5 அடி உயரத்தில்தான் வெட்ட வேண்டும். 20 அடி மரமென்றால் கால்பங்கு உயரத்தில் வெட்டியிருக்க வேண்டும். தங்கள் படத்திலோ சரிபாதியில் வெட்டுகிறது. அப்படியென்றால் அங்கே நிற்பது 20 அடி மரம் அல்ல, 10 அடி மரம்.

காரணமும் தெரிந்துவிட்டது. அச்சிட்ட தாளில் சுவர் 3 சென்டிமீட்டர், அதாவது அடிக்கு 0.6 சென்டிமீட்டர். அந்த அளவு 30 அடி தொலைவில் உள்ள பொருளுக்கு மட்டுமே செல்லும். 15 அடியில் நிற்பது இருமடங்கு பெரிதாகத் தெரியும், ஆகவே அங்கே அடிக்கு 1.2 சென்டிமீட்டர் வர வேண்டும். தங்கள் மென்பொருளோ சுவரில் எடுத்த ஒரே அளவை முற்றம் முழுவதற்கும் பயன்படுத்தி, மரத்தை 24 சென்டிமீட்டர் உயரத்தில் வரையவேண்டிய இடத்தில் 12 சென்டிமீட்டரில் வரைந்திருக்கிறது. சரியாக வரைந்திருந்தால் உச்சி தாளுக்கு வெளியே போயிருக்கும், ஒரே மரத்தின் குடை பார்வையில் பெரும்பகுதியை அடைத்திருக்கும், நானும் நான்கு மரம் என்ற எண்ணத்தையே கைவிட்டிருப்பேன். இடைவெளியிலும் அதே கதைதான். படத்தில் நான் வைத்த இடங்கள் தரையில் நான்கு நான்கு அடிதான், தாளில் எட்டு எட்டு என்று அச்சானது.

அடிக்கோல் கணக்கை நம்பாதவர்களுக்காக இன்னொன்றும் செய்தேன். 5 அடி மூங்கில் குச்சி ஒன்றை அந்த 15 அடி இடத்தில் நட்டு, அதே தாழ்வாரத்தில் நின்று அதே உயரத்திலிருந்து மீண்டும் படம் எடுத்தேன். குச்சியின் நுனி சுவரின் மேல்விளிம்போடு ஒட்டி நிற்கிறது, அடியோ சுவரின் அடிக்கு வெகு கீழே இறங்கி இருக்கிறது. தாளில் குச்சி 6 சென்டிமீட்டர், சுவர் 3 சென்டிமீட்டர். இரண்டும் ஒரே 5 அடி. அந்தப் படத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், அந்த அம்மையாருக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

பூப்பாத்தியின் கணக்கும் இதே நோய்தான். முற்றத்தின் முன்பகுதியில், தாழ்வாரத்திலிருந்து 12 அடிக்கும் 16 அடிக்கும் இடையே, 10 அடி நீளமும் 4 அடி அகலமுமாகப் பாத்தியை வரைந்தேன். சதுர அடிக்கு ஒன்றாக 40 சாமந்தி நாற்று போதும். தங்கள் தாள் 66 கேட்டது. அதையும் நம்பி வாங்கி, மீந்த 26 நாற்றுகளில் பத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன், மற்றவை தண்ணீர் இல்லாத அந்த இரண்டு நாளில் பையிலேயே கருகிப்போயின.

பத்தாவது அழைப்பில்தான் ஒருவர் உண்மையைச் சொன்னார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை, பொறுமையாகவே பேசினார். தொலைவுக்கு ஏற்ப அளவை மாற்றும் வசதி, கண்மட்டக் கோட்டைக் குறிக்கும் வசதியோடு சேர்த்து, 9,000 ரூபாய்ச் சந்தாவில் மட்டும் இருக்கிறதாம். இருக்கட்டும். அப்படியானால் 3,600 ரூபாய்ச் சந்தாவில் நடவுத்தாளில் அடிக்கணக்கை ஏன் அச்சிடுகிறீர்கள்? மரத்தின் அழகைப் பார்க்க மட்டும்தான் படம் என்றால், எண் போடாமல் விட்டிருந்தால் நானே கயிறு பிடித்து அளந்திருப்பேன். தெரியாததைத் தெரியாது என்று விட்டிருந்தால் குழாய் உடைந்திருக்காது. பின்னாளில் மரங்கள் நெருங்கி நின்று ஒன்றன் குடையை மற்றொன்று அழுத்தும் என்பதும், வேர்கள் குழாயைத் தேடிப் போகும் என்பதும் வேறு. நல்லவேளை, கன்றுகளை இன்னும் நடவில்லை. நிழலில் வாடிக்கொண்டிருக்கின்றன.

என் இழப்பைச் சொல்கிறேன். சந்தா 3,600, கன்றுகளுக்கு 1,800, குழிக்கூலி 1,600, குழாய் சீரமைப்பு 2,300, நாற்று 990, ஆக 10,290 ரூபாய். இதில் பேருந்துச் செலவும், ஏழு வாரத் தூக்கமும், குழிகள் விழுந்த முற்றத்தைப் பார்த்து உறவினர் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வியும் சேரவில்லை. என் முன்வாசலே பாழாகிவிட்டது, ஓராண்டு தள்ளிப்போய்விட்டது. மன உளைச்சலுக்கு 50,000 ரூபாய் கேட்பது மிகை என்று என் மகன் சொல்கிறான். நான் அப்படி நினைக்கவில்லை.

தாங்கள் இதைப் பெருந்தன்மையோடு தீர்த்துவைப்பீர்கள் என்ற நம்பிக்கை இன்னும் முழுவதுமாகப் போய்விடவில்லை. இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் 10,290 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், குறைந்த சந்தாவின் நடவுத்தாளிலிருந்து அடிக்கணக்கை நீக்க வேண்டும் அல்லது தொலைவுத் திருத்தத்தை எல்லோருக்கும் தர வேண்டும், என்னைப் படம் பார்க்கத் தெரியாதவன் என்று சொன்னவரிடமிருந்து எழுத்தில் வருத்தம் வர வேண்டும். இல்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், இம்முறை ஓசூரிலிருந்து பேருந்து ஏறி வரவேண்டியவர்கள் நீங்கள்தான். அப்போது அந்த 50,000 ரூபாயையும் சேர்த்தே கேட்பேன்.

அச்சுப்படங்கள், நடவுத்தாள், பில்கள் அனைத்தின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன. பதிலைத் தொலைபேசியில் அல்ல, எழுத்தில் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தருமபுரி.