சம்பளப் பிரிவுக்கு: இ.எஸ்.ஐ.யில் குறைத்துக் காட்டிய என் ஊதியத்தைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய சம்பளப் பிரிவு அலுவலர்களுக்கு,

தையல் பிரிவில் வேலை பார்க்கும் நான் இப்போது பிரசவ விடுப்பில் இருக்கிறேன். விஷயம் உங்களுக்குத் தெரியும், நேரிலும் சொல்லியாயிற்று. இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 156 நாள் வேலை செய்து 85,800 ரூபாய் சம்பளம் வாங்கினேன். இ.எஸ்.ஐ.யில் நீங்கள் பதிந்திருப்பது 70,200. நாட்களை மட்டும் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். அதனால் 550 ஆக இருக்க வேண்டிய என் தினசரிச் சராசரி 450 ஆகிவிட்டது. பிரசவ கால உதவித்தொகை அந்தச் சராசரியை வைத்துத்தான் 26 வாரத்துக்குக் கிடைக்கும். நாளுக்கு 100 வீதம் 182 நாளுக்கு 18,200 ரூபாய் எனக்குக் குறைகிறது. வேலைக்குப் போக முடியாத இந்த ஆறு மாதத்துக்கு எனக்கு வேறு வருமானம் கிடையாது. வாடகையைக் கொடுத்துவிட்டுப் பால் பாக்கியைத் தள்ளிப்போடுகிறேன்.

தவறு எங்கே என்று பே ஸ்லிப்பே சொல்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டும் உள்ள பி.எஃப். தொகையை அப்படியே இ.எஸ்.ஐ.க்கும் போட்டுவிட்டீர்கள். 2024இல் இருந்த விதிப்படி வீட்டு வாடகைப்படியும் ஓவர்டைமும் பி.எஃப்.பில் சேராது, இ.எஸ்.ஐ.யில் சேரும். அப்போது ஓவர்டைமை விட்டுவிட்டுப் பார்த்தது இ.எஸ்.ஐ.யில் சேருவதற்கான 21,000 ரூபாய் மாதச் சம்பள வரம்புக்கு மட்டும்தான், சந்தாவுக்கு அல்ல.

சரி, கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஏப்ரலில் என்னிடம் பிடித்தது 108 ரூபாய். 14,300க்கு 0.75 சதவீதத்தை அடுத்த முழு ரூபாயாக்கினால் கணக்கு சரி. இ.எஸ்.ஐ.யில் என் பங்காகக் காட்டியிருப்பதோ 11,700க்கு உரிய 88 மட்டும். பிடிக்கும்போது முழுச் சம்பளம், கட்டும்போது பாதிக் கணக்கா? அந்த 20 ரூபாய் எங்கே? என் வரிசையில் உள்ள மற்றவர்களின் பே ஸ்லிப்பையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கேட்டில் ஐந்து நிமிடம் தாமதமானால் நிமிடக் கணக்கில் வெட்டத் தெரிந்த அலுவலகத்துக்கு இதைக் கூட்டிப் பார்க்கவா தெரியாது?

கோபத்தில் சொன்னதை மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: அந்த ஆறு மாதத்துக்கும் என் ஊதியத்தை 85,800 என்று திருத்துங்கள். விடுபட்ட தொகைக்கான சந்தாவைத் துணைச் சலானில் கட்டுங்கள். தாமதத்துக்கான 12 சதவீத வட்டியை நிர்வாகம் ஏற்கட்டும், என் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம். அப்புறம், சம்பளப் பதிவேட்டின் நகலோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, உதவித்தொகையை மறுபடி கணக்கிட்டு மீதியை எனக்குத் தரச் சொல்லுங்கள். என் பே ஸ்லிப்புகளும் வங்கிப் பாஸ்புக்கின் நகலும் இத்துடன் இருக்கின்றன.

இந்த மாதச் சம்பளப் பட்டியல் போடுவதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வராவிட்டால் இதே நகல்களோடு நானே கிளை அலுவலகத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
தையல் பிரிவுத் தொழிலாளி