அரையாண்டு விடுமுறையும் வேன் குழுவில் கிடக்கும் வீட்டு லொகேஷனும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவில் எல்லா அணியினரும் உற்சாகமாக ஆடினார்கள். அறிவியல் கண்காட்சிக்கு வந்து பிள்ளைகளைப் பாராட்டியவர்களுக்கு நன்றி. விடைத்தாள்கள் ஜனவரி முதல் வாரத்தில் கைக்கு வரும். சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்காக.

போன மாதம் மழை கொட்டிய ஒரு நாள் வேன் வழி மாறி வந்தது. தான் நிற்கும் இடம் டிரைவருக்குத் தெரியட்டும் என்று ஒரு அம்மா, வேன் வாட்ஸ்அப் குழுவில் லைவ் லொகேஷன் போட்டார். மணி 3:50. அதில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றுதான் இருக்கும். அவசரத்தில் அவர் கை பட்டது எட்டில். 4:20-க்குப் பிள்ளை வந்துவிட்டது, போனும் பைக்குள் போய்விட்டது. இரவு மாமியாருக்கு நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். மறுநாள் காலை பள்ளி வாசலில் இன்னொரு பெற்றோர், “மாமியாருக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரிடமும் சொல்லவே இல்லையே! கேட்டவர் அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் இரவு 11:50 வரை அவர் போன இடமெல்லாம் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

இதை நிறுத்துவது சுலபம். அந்தச் செய்தியின் கீழேயே ‘Stop sharing’ இருக்கும். எந்தக் குழுவில் போட்டோம் என்று மறந்துவிட்டால், வாட்ஸ்அப்பில் Settings, Privacy, Live location என்று வரிசையாகப் போய்ப் பாருங்கள். இப்போது யார் யாருக்குப் போய்க்கொண்டிருக்கிறதோ அந்தப் பட்டியல் அங்கே வரும். கூகுள் மேப்ஸ் வழியாகப் பகிர்ந்தது இதில் வராது. அதற்கு மேப்ஸுக்குள் போய், உங்கள் படத்தைத் தொட்டு, Location sharing-ஐப் பார்க்க வேண்டும். அதில் நாமாக நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் வசதியும் உண்டு என்பதால் மறக்காமல் பாருங்கள்.

லைவ் நின்ற பிறகும், முதலில் பகிர்ந்த இடம் சின்ன வரைபடமாக அரட்டையிலேயே தங்கிவிடும். ஜூன் மாதம் நீங்கள் அனுப்பிய வீட்டு லொகேஷன்களும் அப்படித்தான் கிடக்கின்றன. அவற்றைக் குழுவில் போடச் சொன்னது நாங்கள்தான். அது எங்கள் தவறு, ஒத்துக்கொள்கிறேன். போன வாரம் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். ஒரு லொகேஷனுக்குக் கீழே, “நீலக் கேட். 4 மணிக்குப் பாட்டி மட்டும்தான் இருப்பாங்க” என்று இருந்தது. ஆகஸ்டில் வேலையை விட்டுப் போன டிரைவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம். ஆனால் அதற்கு முன் வந்த செய்திகள் அவர் போனில் அப்படியே இருக்கும்.

“நான் அப்பவே அழிச்சிட்டேன் சார்” என்று சிலர் சொன்னார்கள். எல்லோரிடமிருந்தும் நீங்குவது ‘Delete for everyone’ கொடுத்தால் மட்டும்தான், அதுவும் அனுப்பி ஏறக்குறைய இரண்டு நாளுக்குள். அதற்குப் பிறகு ‘Delete for me’ மட்டும்தான் கிடைக்கும், அது உங்கள் போனில் மட்டுமே அழிக்கும். ஜூன் மாதச் செய்தியை உங்களால் திரும்பப் பெற முடியாது. ‘Disappearing messages’ போட்டாலும் இனி வரும் செய்திகள்தான் மறையும், பழையவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதனால் வழி ஒன்றுதான்: ஒவ்வொருவரும் அவரவர் போனில் அந்தக் குழுவின் பழைய செய்திகளை ‘Clear chat’ கொடுத்து அழிக்க வேண்டும். இப்போதைய டிரைவர்கள் என் எதிரிலேயே செய்துவிட்டார்கள். பழைய டிரைவரிடமும் போனில் பேசினேன், அழிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். ஜனவரியிலிருந்து வகுப்புக் குழுவிலோ வேன் குழுவிலோ யாரும் லொகேஷன் போடக் கூடாது. போட்டால் அட்மின் உடனே அந்தச் செய்தியை நீக்கிவிடுவார், விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம். அடுத்தவர் வீட்டு லொகேஷனை இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிட்டவர்கள் என்னை நேரில் வந்து பார்க்க வேண்டும். வேன் தாமதமானால் டிரைவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள், 15 நிமிடம் போதும். பிள்ளை வந்ததும் நிறுத்திவிடுங்கள். நிறுத்தங்களின் பட்டியலைக் காகிதத்தில் எழுதி டிரைவரிடம் கொடுத்துவிட்டோம்.

போனில் இதையெல்லாம் தேடிச் செய்வது சிலருக்குச் சிரமம் என்று தெரியும். எனக்கே எங்கள் கணினி ஆசிரியைதான் காட்டிக் கொடுத்தார். பள்ளி திறந்த முதல் மூன்று நாளும் மாலை 4 மணிக்கு மேல் அலுவலகத்தில் இருப்பார். போனை எடுத்து வாருங்கள், தாத்தா பாட்டியையும் அனுப்பலாம்.

நடந்ததை எழுத அனுமதித்த அந்த அம்மாவுக்கும், மழையிலும் பொறுமையாகக் காத்திருந்த உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்